வெள்ளிக்கிழமை நாலு வரி

செல்ஃப் அப்ரைசல் ஃபார்ம் வந்ததும் நீ முதலில் செய்யும் வேலை எனக்குத் தெரியும். அவுட்லுக்கைத் திறந்து பழைய மெயிலைத் தேடுவாய். டிசம்பர் வரை ஞாபகம் இருக்கும், செப்டம்பர் மங்கலாக இருக்கும், அதற்கு முன்னால் ஒன்றுமே இருக்காது. "வழக்கமான வேலைகள் எல்லாம் குறித்த நேரத்தில் முடிக்கப்பட்டன" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவாய். உன் மேனேஜரின் நிலைமையும் அதேதான். அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும்போது, உன் ஜூலை மாதத்தை உனக்காக அவர் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் ஒதுக்கி, அந்த வாரம் செய்ததை உனக்கு நீயே நாலு வரி எழுதி வை. யாருக்கும் அனுப்ப வேண்டாம். திங்கட்கிழமை எழுதலாம் என்று தள்ளிப்போடாதே. சனி, ஞாயிறு தாண்டினால் எண்கள் மறந்துவிடும், "ஏதோ வெண்டார் பிரச்சினை" என்பது மட்டும்தான் மிஞ்சும்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலையிலிருந்தே ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம், உனக்குப் பழக்கமான இடம். சென்னையிலும் பெங்களூரிலும் ஆபீஸ் உள்ள ஒரு கம்பெனி. ஜூலை 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் ஜூன் மாத 2பி வருகிறது. சப்ளையர்கள் நம் பெயரில் காட்டிய பில்களின் பட்டியல் அது. அதில் ஒரு பில் இல்லையென்றால், நாம் கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்க முடியாது. அடுத்து 20-ஆம் தேதி 3பி ஃபைல் பண்ண வேண்டும். நடுவில் இருப்பது ஆறு நாள்.

அங்கே வேலை பார்க்கும் பெண் சரிபார்க்கும்போது, ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சியின் பில்கள் ஏப்ரலிலிருந்தே சென்னைப் பட்டியலில் இல்லை என்று தெரிகிறது. இரண்டு கட்டடம், மூன்று மாதம், மொத்தம் 6 பில். ஒவ்வொன்றும் இரண்டரை லட்சம் ரூபாய், 18 சதவீத வரி. ஆக 2,70,000 ரூபாய் கிரெடிட் நிற்கிறது. அவள் பெங்களூர் ஜிஎஸ்டி நம்பருக்கு வந்த பட்டியலைத் திறந்து பார்க்கிறாள். ஆறும் அங்கே இருக்கின்றன. ஏஜென்சியின் கணக்குப்பிள்ளை ஃபைல் பண்ணும்போது நம்பரை மாற்றிப் போட்டிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் "ஜிஎஸ்டி ரீகன்சிலியேஷன் முடித்தேன், வெண்டாரிடம் ஃபாலோ அப் செய்தேன்" என்று எழுதினால் அது வேலையின் பெயர் மட்டும்தான். மார்ச்சில் திரும்பப் படித்தால் அவளுக்கே ஒன்றும் புரியாது. இப்படி எழுதியிருந்தால் புரியும்:

"ஜூலை, மூன்றாவது வாரம். ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி பில் 6, ஏப்ரல் முதல் ஜூன் வரை, சென்னை 2பியில் இல்லை. பெங்களூர் நம்பரில் ஃபைலாகியிருக்கிறது, நான்தான் கண்டுபிடித்தேன். நிற்கும் கிரெடிட் 2,70,000. ஜூலை ரிட்டர்னில் திருத்துவதாக ஏஜென்சி மெயில், 17-ஆம் தேதி. இந்த மாதம் 2பியோடு ஒத்துப்போகாத பில் மொத்தம் 38. முடிவு: பாக்கி."

இதில் இரண்டு விஷயத்தை நன்றாகக் கவனி.

முதலாவது, அந்த 38. ஏஜென்சி விவகாரத்துக்கும் அதற்கும் அன்றைக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை, போகிற போக்கில் எழுதி வைத்ததுதான். ஆனால் இந்தப் பிரச்சினையைப் பார்த்த பிறகு, பில் வந்தவுடனேயே எந்த ஊர் நம்பர் போட்டிருக்கிறது என்று பார்த்து, தப்பாக இருந்தால் வெண்டாருக்குத் திருப்பி அனுப்புவதை அவள் வழக்கமாக்குகிறாள் என்று வை. அக்டோபரில் ஒத்துப்போகாத பில் 9 ஆகிறது. 9 என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு அது நல்லதா கெட்டதா என்றே தெரியாது. 38-லிருந்து 9 என்றால்தான் அது சாதனை. 9-ஐ எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 38-ஐ அப்படி எடுக்க முடியாது. அந்த எக்ஸல் ஷீட்டை மாதாமாதம் அதன்மேலேயே சேவ் பண்ணிக்கொண்டிருப்பார்கள், பழைய எண் அழிந்திருக்கும். வேலையைச் சரிசெய்யத் தொடங்கும் முன் அது எந்த லட்சணத்தில் இருந்தது என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான்.

இரண்டாவது, "முடிவு: பாக்கி". நம் வேலையில் பலன் அதே வாரத்தில் வருவது குறைவு. ஏஜென்சி ஜூலை ரிட்டர்னில் திருத்தி ஆகஸ்ட் 11-க்குள் ஃபைல் பண்ண வேண்டும், அது 14-ஆம் தேதி 2பியில் வர வேண்டும், 20-ஆம் தேதி 3பியில் கிரெடிட் எடுக்க வேண்டும். கிட்டத்தட்ட ஐந்து வாரம். அதற்குள் வேறு நூறு வேலை வந்து மேலே விழும். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிதாக எழுதும் முன், "பாக்கி" என்று விட்டிருப்பவற்றை ஒரு கண் பார். ஆகஸ்ட் நோட்டில் "ஹவுஸ்கீப்பிங் 6 பில் வந்துவிட்டது, 2,70,000 எடுத்தாயிற்று" என்று ஒரு வரி சேர்ந்தால் அந்தக் கதை முழுசு. சேராவிட்டால் மார்ச்சில் உன் கையில் இருப்பது பாதிக் கதை, அதை எந்த மேனேஜரிடமும் விற்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. "கம்பெனிக்கு 2,70,000 மிச்சம் பிடித்தேன்" என்று எழுதாதே. அது மிச்சம் இல்லை, வர வேண்டிய கிரெடிட் நின்றிருந்தது, வந்தது. அடுத்த வருஷம் நவம்பர் 30 வரை திருத்தாமல் விட்டிருந்தால்தான் அது நிஜமாகக் கைவிட்டுப் போயிருக்கும். ஃபைனான்ஸ் ஹெட் ஒரே நொடியில் இதைப் பிடித்துவிடுவார், அதற்கப்புறம் நீ சொல்லும் உண்மையான எண்ணையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

சில வாரம் எழுத ஒன்றுமே இருக்காது. "மந்த் எண்ட், வழக்கம்போல்" என்று போட்டுவிட்டுப் போ, ஜோடிக்காதே. ஆனால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டும் முன், யாருக்காவது வேலை சொல்லிக்கொடுத்தாயா, யாராவது லீவில் போனபோது அவர்கள் வேலையைப் பார்த்தாயா, ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போகவிருந்ததை நிறுத்தினாயா என்று யோசித்துப் பார். பெண்கள் இந்த மூன்றையும் வேலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பது நான் பார்த்தது. புதுப் பையனுக்கு நீ சாப் சொல்லிக்கொடுத்த வாரத்தில் அவன் எத்தனை பில் என்ட்ரி போட்டான், அடுத்த மாதம் எத்தனை என்று எழுதி வை. அதுவும் உன் கணக்குதான்.

எங்கே எழுதுவது? ஆபீஸ் லேப்டாப்பில் ஒன்நோட்டில் வைத்துக்கொள்ளலாம். பாராட்டி வந்த மெயிலை உன் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு மட்டும் பண்ணாதே. பல கம்பெனிகளில் அதைக் கண்காணிக்க சாஃப்ட்வேரே இருக்கிறது, நல்ல பெயர் சேர்க்கப் போய் செக்யூரிட்டி டீமுக்கு விளக்கக் கடிதம் எழுத நேரும். யார் அனுப்பினார், என்றைக்கு, சப்ஜெக்ட் வரி என்ன, முக்கியமான ஒரு வாக்கியம், இவ்வளவு குறித்துக்கொண்டால் அப்புறம் தேடி எடுத்துக்கொள்ளலாம். வீட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதானால் வெண்டார் பெயர், பான் நம்பர், பேங்க் விவரம் எதுவும் கூடாது. "ஹ.கீ. ஏஜென்சி" என்று எழுதினாலே உனக்குப் புரியும். இன்னொன்று, வருஷ நடுவில் மேனேஜர் மாறினால், பழையவர் போகும் முன் அதுவரையான நோட்டை அரைப் பக்கமாக்கி அவருக்கு அனுப்பி, புதியவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகச் சொல். வந்தவருக்கு உன் முதல் ஆறு மாதம் தெரியவே தெரியாது.

பிப்ரவரியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படி. ஐம்பது வாரத்தையும் மேனேஜரிடம் நீட்டினால் அவர் படிக்க மாட்டார், நானும் படிக்க மாட்டேன். ஏப்ரலில் உனக்கு எழுதிக்கொடுத்த கோல் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஒவ்வொரு கோலுக்கும் நேரே, முடிவு தெரிந்த, எண் உள்ள ஒன்றிரண்டு விஷயத்தை மட்டும் எடு. எந்தக் கோலிலும் அடங்காத பெரிய வேலை ஏதாவது இருந்தால் கடைசியில் தனியாகப் போடு. மொத்தம் ஒரு பக்கம். பிடித்த வேலை என்பதற்காக எதையும் சேர்க்காதே, அங்கேதான் கை நடுங்கும்.

அந்த ஒரு பக்கத்தை எப்போது கொடுக்கிறாய் என்பது அதில் இருப்பதைவிட முக்கியம். அப்ரைசல் பேச்சு நடக்கும் நாளில் நிறைய இடங்களில் ரேட்டிங் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அதற்கு முன்பே எல்லா மேனேஜர்களும் ஒரு அறையில் உட்கார்ந்து, யாருக்கு 4, யாருக்கு 3 என்று பேரம் பேசி முடித்திருப்பார்கள். காலிபிரேஷன் என்பார்கள். அங்கே நீ இருக்க மாட்டாய், உன் சார்பில் பேச வேண்டியவர் உன் மேனேஜர். "நல்லா வேலை செய்யற பொண்ணு சார்" என்று அவர் சொன்னால், அடுத்த டீம் மேனேஜரும் தன் ஆளைப் பற்றி அதையேதான் சொல்வார். "மிஸ்மேட்ச் 38-லேர்ந்து 9-க்கு வந்தது, பில் வரும்போதே செக் பண்ற வழக்கத்தை ஆரம்பிச்சது இவங்கதான்" என்றால் மறுத்துப் பேச ஆள் இருக்காது. அதனால் "சார், ரேட்டிங் எப்போ சப்மிட் பண்றீங்க? அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு பக்கம் எழுதிக் குடுக்கறேன், உங்களுக்கு ஈஸியா இருக்கும்" என்று ஜனவரியிலேயே கேட்டு வை. வேண்டாம் என்று சொல்லும் மேனேஜரை நான் பார்த்ததில்லை, அவருக்கும் ஃபார்ம் நிரப்பும் வேலை குறைகிறதே.

இவ்வளவு செய்தும் 3 வரலாம். ஒரு டீமுக்கு இத்தனை 4-தான் என்று கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு, இன்க்ரிமென்ட் பணமும் மேலேயே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்போது அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடாதே. "இதுல எது இன்னும் எப்படி இருந்திருந்தா 4 வந்திருக்கும்?" என்று ஒவ்வொரு வரியாகக் காட்டிக் கேள். பதில் சொன்னால் அதை அடுத்த வருஷ கோல் ஷீட்டிலேயே எழுதச் சொல். மழுப்பினால், அதே பக்கத்தில் கம்பெனி ரகசியம் எதுவும் இல்லாமல் எண்களை "ஏறக்குறைய 75 சதவீதம் குறைவு" என்று மாற்றி ரெஸ்யூமில் போட்டுக்கொள்.

ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் போதாது, அரை மணி நேரம் எடுத்துக்கொள். இந்த வருஷம் உன் பொறுப்பில் இருப்பவை இன்றைக்கு எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுது: 2பியோடு ஒத்துப்போகாத பில் எத்தனை, 45 நாள் தாண்டிப் பணம் போகாத சிறுதொழில் வெண்டார் எத்தனை பேர், மந்த் எண்ட் முடிய எத்தனை நாள் ஆகிறது. தேதியைப் போட்டு, நோட்டின் முதல் பக்கத்தில்.