கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் லூப் நிலைபெறுமா?

அனலாக் ஃபேஸ் லாக்டு லூப்பை முதன்முதலாகப் பலகையில் கோத்துப் பார்ப்பவர்களிடம் சில நம்பிக்கைகள் உறுதியாக வேரூன்றியிருக்கின்றன. ஹான்ஸ் காமென்சிண்ட் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த வரிசையில் வந்த 565 ஐ.சி., அவற்றைச் சோதிக்க நல்ல உரைகல். அதன் 7ஆம் முள்ளில் உள்ளேயே 3.6 கிலோ ஓம் தடை இருக்கிறது. வெளியே ஒரு கெபாசிட்டரை மாட்டினால் அதுவே லூப் ஃபில்டர்.

இந்த ஐ.சி.யை ±6 வோல்ட்டில், அதாவது மொத்தம் 12 வோல்ட்டில் ஓட்டுவோம். ஆஸிலேட்டரின் தன்னியக்க அதிர்வெண் 12 கிலோஹெர்ட்ஸ்.

நம்பிக்கை: லாக் ரேஞ்சும் கேப்சர் ரேஞ்சும் ஒன்றுதான்.

உண்மை: பூட்டிக்கொண்ட லூப் எவ்வளவு தூரம் சிக்னலைப் பின்தொடரும் என்பது லாக் ரேஞ்ச். பூட்டாத லூப் எவ்வளவு அருகில் வந்தால் சிக்னலைப் பிடிக்கும் என்பது கேப்சர் ரேஞ்ச். 565இன் லாக் ரேஞ்சுக்கு உற்பத்தியாளர் தரும் சூத்திரம் ±8f₀/V. நமது கணக்கில் அது ±8 கிலோஹெர்ட்ஸ். இதில் ஃபில்டருக்கு இடமே இல்லை. பூட்டிய நிலையில் அதிர்வெண் மெல்ல நகரும்போது ஆஸிலேட்டருக்குப் போவது டி.சி. மின்னழுத்தம், கெபாசிட்டர் அதைத் தடுக்காது. கட்ட ஒப்பீட்டியின் வெளியீடு உச்சத்தைத் தொடும் இடத்தில்தான் பிடி விடும்.

பூட்டாத நிலை வேறு. அப்போது ஒப்பீட்டி தருவது இரு அதிர்வெண்களின் வித்தியாசத்தில் துடிக்கும் பீட் அலை. அந்த அலையை ஃபில்டர் நசுக்குகிறது. நசுங்கியது போக மிஞ்சியது ஆஸிலேட்டரை சிக்னல் வரை இழுத்துவிட்டால் பூட்டு விழும்.

0.1 மைக்ரோஃபாரட் போட்டால் நேரமாறிலி 360 மைக்ரோ வினாடி. வித்தியாசம் 1.88 கிலோஹெர்ட்ஸ் இருக்கும்போது இந்த ஃபில்டர் பீட் அலையைச் சுமார் 4.25 மடங்கு குறைக்கும். 8 கிலோஹெர்ட்ஸை 4.25ஆல் வகுத்தால் கிடைப்பதும் அதே 1.88. இழுக்க வேண்டிய தூரமும் இழுக்கும் வலுவும் அங்கே சமமாகின்றன. தோராயமான கேப்சர் ரேஞ்ச் அதுதான். 1 மைக்ரோஃபாரட் போட்டால் அது 600 ஹெர்ட்ஸுக்குச் சுருங்கும். லாக் ரேஞ்ச் இரண்டிலும் ±8 கிலோஹெர்ட்ஸே.

நம்பிக்கை: கெபாசிட்டர் பெரிதானால் லூப் அமைதியாகும்.

உண்மை: சிற்றலை குறையும், ஆனால் ஊசலாட்டம் கூடும். ஒற்றை கெபாசிட்டர் ஃபில்டருக்குத் தணிப்புக் கெழு ζ = 1/(2√(Kτ)). இங்கே K என்கிற லூப் கெயின் வினாடிக்கு 33,600. 0.1 மைக்ரோஃபாரட்டில் ζ சுமார் 0.14. சிக்னலின் அதிர்வெண் திடீரெனச் சற்று மாறினால், கட்டுப்பாட்டு மின்னழுத்தம் சேரவேண்டிய இடத்தை 63 சதவீதம் தாண்டிப் போய்த் திரும்பும். 1 மைக்ரோஃபாரட்டில் ζ 0.045, தாண்டல் 87 சதவீதம். ஊசலாட்டம் அடங்கும் நேரமும் பத்து மடங்கு நீளும்.

காரணம் எளிது. ஆஸிலேட்டர் அதிர்வெண்ணைத் தொகுத்தே கட்டமாக்குகிறது. அதிலேயே 90 பாகை பின்னடைவு வந்துவிடுகிறது. கெபாசிட்டர் இன்னும் ஏறக்குறைய 90 பாகையைச் சேர்க்கிறது. திருத்தம் எப்போதும் தாமதமாகவே வந்து சேர்கிறது.

நம்பிக்கை: அப்படியானால் கெயினைக் குறைப்பதுதான் ஒரே வழி.

உண்மை: கெயினைக் குறைத்தால் லாக் ரேஞ்சும் கூடவே குறையும். கெபாசிட்டரோடு தொடராக ஒரு ரெசிஸ்டரைச் சேர்ப்பதே நேரான வழி. உயர் அதிர்வெண்களில் கெபாசிட்டர் வெறும் கம்பிபோல் ஆகிவிட, அங்கே ரெசிஸ்டர் மட்டுமே மிஞ்சுகிறது. பின்னடைவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. 0.1 மைக்ரோஃபாரட்டோடு 1.5 கிலோ ஓம் சேர்த்தால் ζ 0.14இலிருந்து 0.73 ஆகிறது. லாக் ரேஞ்ச் மாறவில்லை.

இதற்கும் விலை உண்டு. பூட்டிய லூப்பின் ஒப்பீட்டி 24 கிலோஹெர்ட்ஸில் சிற்றலையை உமிழ்கிறது. புதிய ரெசிஸ்டர் அதில் சுமார் 29 சதவீதத்தைக் கடத்திவிடும். ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த தொடருக்கு இணையாக 0.01 மைக்ரோஃபாரட் போட்டால் அது ஏறக்குறைய பாதியாகும். அதைவிடப் பெரியதைப் போட்டால் தணிப்பு மறுபடி சரியத் தொடங்கும்.

சரிபார்க்க, சிக்னலை 11.5க்கும் 12.5 கிலோஹெர்ட்ஸுக்கும் இடையே மாறி மாறித் தாவவிட்டு 7ஆம் முள்ளை ஆஸிலோஸ்கோப்பில் பார்க்கலாம். ரெசிஸ்டர் இல்லாதபோது ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் ஊசலாட்டம் தொடர்ந்து தெரியும். சேர்த்தபின் ஒருமுறை சற்றே மீறி அடங்கிவிடும்.

இந்தக் கணக்குகள் பெருக்கி வகை ஒப்பீட்டிக்கு உரியவை. 4046 ஐ.சி.யின் இரண்டாவது ஒப்பீட்டி அதிர்வெண் வித்தியாசத்தையும் உணர்வதால், அதில் கேப்சர் ரேஞ்ச் லாக் ரேஞ்சுக்குச் சமம். ஃபில்டர் எதுவானாலும் அது மாறாது.