பார்சலுக்குள் போகும் நன்றி அட்டை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம் ஊர் ஓட்டல்களில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்கும். நிறை இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கும். பல வருஷமாகப் பார்த்துப் பழகிய வாசகம் என்பதால் அதில் யாரும் குற்றம் காண்பதில்லை. வீட்டிலிருந்தே சேலை, சோப்பு, பொடி வகைகள் விற்கிறவர்கள் பார்சலுக்குள் வைக்கும் நன்றி அட்டைக்கும் இதே வாசகம் வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே அது வேறு வேலை செய்கிறது.

மதுரைச் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு கடையின் அட்டையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான அட்டைகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன:

"அன்பார்ந்த வாடிக்கையாளரே! எங்கள் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தமைக்கு மனமார்ந்த நன்றிகள். தரமும் நம்பிக்கையுமே எங்கள் தாரக மந்திரம். சேலை உங்களுக்குப் பிடித்திருந்தால் 5 ஸ்டார் ரிவ்யூ போட்டு, ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அடுத்த ஆர்டருக்கு 10% தள்ளுபடி! ஏதேனும் குறை இருந்தால் ரிவ்யூ போடும் முன் எங்களைத் தொடர்புகொள்ளவும்."

எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனாலும் இதில் கடைசி மூன்று வாக்கியங்கள் கடைக்கே ஆபத்து. முதல் மூன்றால் யாருக்கும் பயன் இல்லை.

நம்பிக்கை: பிடித்தவர்கள் ரிவ்யூ போடட்டும், பிடிக்காதவர்கள் நம்மிடம் வரட்டும். இதில் என்ன தப்பு?

உண்மை: ஓட்டலில் சாப்பிட்டவர் வெளியே போய் யாரிடம் என்ன சொன்னாலும் அதைக் கடைக்காரர் தடுக்க முடியாது. ஆன்லைனில் ரிவ்யூ என்பது அடுத்து வாங்குகிறவர் நம்பிப் பார்க்கும் ஒரே சாட்சி. திருப்தியானவர்களை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பி, மற்றவர்களைத் தனியே ஒதுக்கினால் சாட்சியைப் பொறுக்கி எடுத்ததாகிவிடும். அமேசான் தன் விற்பனையாளர்களுக்கு இதை வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. நல்ல அனுபவம் கிடைத்தவர்களிடம் மட்டும் ரிவ்யூ கேட்கக் கூடாது, நல்ல ரிவ்யூதான் வேண்டும் என்று கேட்கக் கூடாது, போட்டதை மாற்றவோ நீக்கவோ சொல்லக் கூடாது. கூகுள் மேப்ஸில் கடை வைத்திருப்பவர்களுக்கும் அதே விதிதான்: எதிர்மறைக் கருத்தைத் தடுப்பதும், நல்லதை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும் கூடாது. அட்டையை யாராவது போட்டோ எடுத்துப் புகாரோடு அனுப்பினால் அதுவே ஆதாரம். கடையின் கணக்கே முடங்கலாம்.

திருத்துவது சுலபம். அந்த "இருந்தால்" இரண்டையும் எடுத்துவிட வேண்டும். போன் நம்பரை எல்லோருக்கும் கொடுக்கலாம், எதற்கு வேண்டுமானாலும் அழைக்கச் சொல்லலாம். ரிவ்யூவையும் எல்லோரிடமும் கேட்கலாம். இரண்டையும் நிபந்தனையில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல், தனித்தனிப் பத்தியில் எழுதினால் போதும். குறை உள்ளவர் பெரும்பாலும் முதலில் போன்தான் செய்வார், நம்பர் கண்ணில் பட்டால். அவரைத் தடுத்து நிறுத்த வேண்டிய அவசியமே வராது.

நம்பிக்கை: ஒரு சின்னத் தள்ளுபடி கொடுத்தால் ரிவ்யூ குவியும்.

உண்மை: குவியலாம். ஆனால் அது காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூ. அமேசானும் கூகுளும் ரிவ்யூவுக்குப் பதிலாகப் பணம், பரிசு, தள்ளுபடி எதையும் அனுமதிப்பதில்லை. 5 ஸ்டார் என்று குறிப்பிடாவிட்டாலும் அனுமதியில்லை. அமெரிக்காவில் நல்ல விமர்சனம் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சலுகை தருவதைத் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே உள்ள தமிழர்களுக்குச் சேலை அனுப்புகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய விமர்சனங்களை வெளியிடக் கூடாது என்பது அதில் இருக்கிறது. அது கட்டாயச் சட்டமாக வரவில்லை, ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறது.

பழைய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுக்க ஆசை இருந்தால், சொந்தத் தளத்திலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கியவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ரிவ்யூ கேட்கும் அட்டையில் மட்டும் அதை எழுதக் கூடாது. ஒரே அட்டையில் இரண்டும் இருந்தால், நாம் பேரம் என்று சொல்லாவிட்டாலும் படிக்கிறவர் பேரம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அமேசான் வழியாகப் போகும் பார்சலுக்கு அட்டையே வேறாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வாங்கியவரை நம் சொந்தத் தளத்துக்குத் திருப்பிவிடுவதை அமேசான் ஏற்பதில்லை. நேரடி ஆர்டருக்கான அட்டையை அதில் போட்டு அனுப்பிவிடாமல் இரண்டு கட்டுகளையும் பேக்கிங் மேஜையில் தள்ளித் தள்ளி வையுங்கள்.

நம்பிக்கை: மனமார்ந்த நன்றி, தாரக மந்திரம் என்று எழுதினால் உறவு வளரும்.

உண்மை: அட்டையைக் கையில் எடுக்கும் நேரத்தில் வாங்கியவரின் மனதில் ஓடுவது வேறு. சேலையைப் பிரித்துப் பார்க்கிறார். புள்ளிகள் ஒரே அளவில் இல்லை. சில இடங்களில் துணி சுருங்கிச் சிறு மொட்டுப்போல் எழும்பியிருக்கிறது. சாயம் போகுமோ என்று ஒரு பயம். இந்த மூன்று சந்தேகத்துக்கும் பதில் சொல்லும் அட்டைதான் உறவை வளர்க்கும். அசல் சுங்குடி, துணியில் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்துச் செய்வது. கை போட்ட முடிச்சு என்பதால் புள்ளிகள் கூடக்குறைய இருக்கும், முடிச்சை அவிழ்த்த இடத்தில் சுருக்கம் நிற்கும். இது தெரியாதவர் அதைக் குறை என்று எண்ணி ஒரு ஸ்டார் போடுவார். தெரிந்தவர் அதையே காட்டிப் பெருமைப்படுவார். தெரியாதவரிடம் எத்தனை நன்றி சொன்னாலும் இந்த மாற்றம் வராது.

திருத்திய அட்டை இப்படி வரும்:

"வணக்கம். இந்தச் சேலையின் ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது. அதனால் புள்ளிகள் சற்றுக் கூடக்குறைய இருக்கும். முடிச்சு இருந்த இடத்தில் துணி சுருங்கியிருக்கும். இஸ்திரி போட்டால் படிந்துவிடும்.

முதல் இரண்டு சலவையில் கொஞ்சம் சாயம் இறங்கும். வேறு துணிகளோடு சேர்க்காமல் பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் காயப்போடுங்கள்.

எது கேட்க வேண்டுமானாலும் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை கீழே உள்ள எண்ணில் அழையுங்கள். பேக் செய்தவரே பேசுவார்.

ஒருமுறை கட்டித் துவைத்த பிறகு, சேலை எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதுங்கள். அடுத்து வாங்குகிறவர்களுக்கு உதவியாக இருக்கும். வாங்கியதற்கு நன்றி."

நன்றி கடைசியில் ஒரே ஒரு முறை வருகிறது, அது போதும். ஸ்டார் என்ற சொல்லே இல்லை. எழுதச் சொல்கிற காரணம் கடையின் லாபமாக இல்லாமல் அடுத்தவருக்கு உதவியாக இருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் சேலையைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்வது அதற்காகத்தான். "பேக் செய்தவரே பேசுவார்" என்ற வரியை உண்மையிலேயே அவர்தான் போன் எடுப்பார் என்றால் மட்டும் போடுங்கள். புள்ளி பற்றிய பத்திக்கும் அதேதான். சுங்குடி என்ற பெயரில் அச்சடித்த சேலைகளும் நிறைய விற்கின்றன. அந்தச் சேலைக்குள் இந்த அட்டையை வைத்தால் அது பொய். நாலைந்து சலவைக்குப் பிறகும் சாயம் இறங்கிக்கொண்டே இருந்தால் அது சாயத்தின் குறை. அப்போது அட்டையைக் காட்டாமல் சேலையை மாற்றித் தர வேண்டும்.

நம்பிக்கை: பார்சலைப் பிரித்த சூட்டோடு ரிவ்யூ வாங்கிவிட வேண்டும்.

உண்மை: பிரித்தவுடன் எழுதுகிறவரிடமிருந்து கிடைப்பது "பேக்கிங் சூப்பர், சீக்கிரம் வந்தது" என்ற வரி. அதைப் படித்து யாரும் சேலை வாங்குவதில்லை. துவைத்தபின் சாயம் எப்படி, கட்டினால் மடிப்பு நிற்கிறதா, போட்டோவில் பார்த்த நிறம்தானா என்பதைத்தான் வாங்குகிறவர்கள் தேடிப் படிக்கிறார்கள். அதனால்தான் "ஒருமுறை கட்டித் துவைத்த பிறகு" என்று அட்டையிலேயே நாள் குறித்தேன். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அட்டை அதுவரை வீட்டில் இருக்க வேண்டுமே! துவைக்கும் முறை அதே அட்டையில் இருப்பதால் சேலை மடிப்பில் வைத்துப் பீரோவில் போடுவார்கள். வெறும் நன்றி அட்டை அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும்.

கியூஆர் கோடு போடுவதானால் குறைந்தது 2 செ.மீ. பக்கமுள்ள சதுரமாக, சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக அச்சிடச் சொல்லுங்கள். சேலையின் நிறத்துக்குப் பொருத்தமாக மஞ்சளில் அடித்தால் பல போன்கள் படிக்காது. கோடு கடையின் முகப்புக்குப் போகாமல் நேரே ரிவ்யூ எழுதும் பக்கத்துக்குப் போக வேண்டும். இலவசமாகக் கோடு தயாரித்துத் தரும் தளங்கள் சில, கொஞ்ச நாள் கழித்துப் பணம் கேட்டு இணைப்பை நிறுத்திவிடும். ரிவ்யூ பக்கத்தின் முகவரியையே நேரடியாகக் கோடாக மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பழைய போனிலும் ஸ்கேன் செய்து பாருங்கள்.

நம்பிக்கை: ஒவ்வொரு அட்டையையும் கையால் எழுதினால்தான் பாசம் தெரியும்.

உண்மை: பத்து பார்சல் போகும் நாளில் எழுதலாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் முடியாது. அவசரத்தில் எழுதிய கையெழுத்து பாசமாகத் தெரியாது. அச்சிட்ட அட்டையின் மேல் வாங்கியவர் பெயரை மட்டும் எழுதினால் போதும். அதற்குப் பளபளப்பு லேமினேஷன் வேண்டாம், பேனா பிடிக்காது. பந்துமுனைப் பேனாவில் எழுதிக் காயவிட்டு, பட்டர் பேப்பர் உறைக்குள் போட்டே சேலைமேல் வையுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பார்சல் நனைந்தால் மை வெளிர்நிறச் சேலையில் இறங்கிவிடும்.

முதல் தடவை 100 அட்டைக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு மூலையில் சிறிதாக "அ" என்று குறியிடுங்கள், திருத்திய பதிப்புக்கு "ஆ". போனில் கூப்பிடுகிறவர் என்ன கேட்டார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். "சுருக்கம் போகுமா" என்ற கேள்வி குறைந்து, ரிவ்யூக்களில் துவைத்த கதை வரத் தொடங்கினால் அட்டை வேலை செய்கிறது. ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அதற்கான பதில் அடுத்த அச்சில் ஏற வேண்டும், அதற்கு இடம்விட எந்த வரியை எடுக்கலாம் என்று அப்போது பாருங்கள்.