எலக்ட்ரானின் அலையை எதோடு ஒப்பிட வேண்டும்?

பருப்பொருள் அலைகள் பாடத்தில் தவறாமல் வரும் கணக்கு ஒன்று உண்டு. எலக்ட்ரானுக்கும் கிரிக்கெட் பந்துக்கும் அலைநீளம் கண்டுபிடி, நிலையின் நிச்சயமின்மையைக் கண்டுபிடி, இரண்டையும் ஒப்பிடு என்பார்கள். விடைத்தாளின் கடைசி வரியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “எலக்ட்ரான் சிறியது, ஆகவே அலை, பந்து பெரியது, ஆகவே அலை இல்லை.” மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால் இந்தப் பாடத்தை நடத்தியும் விடைகளைத் திருத்தியும் வந்ததில், இந்த வரி பாதி உண்மைதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அலைநீளம் பெரிதா சிறிதா என்பதற்குத் தனியாக அர்த்தம் கிடையாது. அந்தப் பொருள் எந்த இடத்தில் இயங்குகிறதோ, அந்த இடத்தின் அளவோடு ஒப்பிட்டால்தான் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1924இல் லூயி டி ப்ராய் தந்த சமன்பாடு λ = h/mv. பிளாங்க் மாறிலி h-இன் மதிப்பு 6.63 × 10⁻³⁴ ஜூல் வினாடி. 160 கிராம் பந்து வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போனால் அதன் அலைநீளம் ஏறத்தாழ 10⁻³⁴ மீட்டர். வினாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் செல்லும் எலக்ட்ரானுக்கு அது 1.2 × 10⁻⁶ மீட்டர். இனி, இரண்டின் வேகமும் 0.005 சதவீதத் துல்லியத்துக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். 1927இல் ஹைசன்பெர்க் கண்ட வரம்பின்படி நிலையின் நிச்சயமின்மை குறைந்தது h/4πmΔv. எலக்ட்ரானுக்கு இது 1.9 மில்லிமீட்டர், பந்துக்கு 1.65 × 10⁻³¹ மீட்டர். எண்களுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆனால் ஒவ்வொன்றிலும் நிச்சயமின்மையை அதனதன் அலைநீளத்தால் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே எண்தான் வருகிறது, சுமார் 1,590. இது தற்செயல் அல்ல. அந்த வரம்பையே Δx = (λ/4π) × (v/Δv) என்று மாற்றி எழுதலாம். வேகம் தெரிந்திருக்கும் சதவீதம் ஒன்றாக இருந்தால், நிச்சயமின்மை அலைநீளத்தின் ஒரே மடங்காகத்தான் இருக்கும். அதாவது இயற்கை எலக்ட்ரானுக்கு ஒரு சட்டமும் பந்துக்கு ஒரு சட்டமும் வைத்திருக்கவில்லை.

இதே வடிவம் இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கிறது. அலைநீளம் என்பதே நிச்சயமின்மையின் அளவு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. வேகம் துளியும் பிசகாமல் தெரிந்தால் அலைநீளம் ஒரே எண்ணாக நிற்கும். நிலையோ எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாகிவிடும். அலைநீளம் வேகத்தின் மதிப்பைச் சார்ந்தது. நிச்சயமின்மை அந்த வேகம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சார்ந்தது. இந்தப் பரவலைக் கருவியின் குறையாகவும் எண்ணக் கூடாது. பந்தைப் படமெடுக்கும் கேமராவின் பிழை மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். அதற்கும் ஹைசன்பெர்க்கின் வரம்புக்கும் தொடர்பில்லை. கருவி குறையற்றதாக இருந்தாலும் இந்த வரம்பு அப்படியே நிற்கும்.

சட்டம் ஒன்றே என்றால் நடத்தை ஏன் வேறுபடுகிறது? எலக்ட்ரானையே இரண்டு இடங்களில் வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயில் 20,000 வோல்ட்டால் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளம் சுமார் 0.009 நானோமீட்டர். அது அரை மில்லிமீட்டர் துளை வழியே வந்து 30 சென்டிமீட்டர் தள்ளியுள்ள திரையில் விழுந்தால், விளிம்பு விளைவால் விலகும் தூரம் ஏறத்தாழ 5 நானோமீட்டர். திரையில் தெரியும் புள்ளியோ அதைப்போல் பல்லாயிரம் மடங்கு பெரியது. எனவே படக்குழாயை வடிவமைத்தவர் எலக்ட்ரானைச் சிறு குண்டாகவே நினைத்துப் பாதையைக் கணக்கிடலாம். ஒரு தவறும் நேராது. அதே எலக்ட்ரான் ஹைட்ரஜன் அணுவுக்குள் இருக்கும்போது அதன் வேகம் வினாடிக்கு 2.2 × 10⁶ மீட்டர், அலைநீளம் 0.33 நானோமீட்டர். போரின் முதல் வட்டப்பாதையின் சுற்றளவும் சரியாக அதே 0.33 நானோமீட்டர்தான். வீடும் அலையும் ஒரே அளவாக இருக்கும் இடத்தில் “பாதை” என்ற பேச்சுக்கே இடமில்லை. எலக்ட்ரானை 0.1 நானோமீட்டருக்குள் அடைத்தால் அதன் வேகத்தில் குறைந்தது வினாடிக்கு 5.8 × 10⁵ மீட்டர் அளவுக்குப் பரவல் வந்துவிடும்; அது அந்த வேகத்தின் கால் பங்குக்கும் மேல். நிறை மாறவில்லை, சூழலின் அளவுதான் மாறியது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அலைநீளம் பொருளின் சொந்த உருவத்தைவிடச் சிறியதாக இருந்தால் அலைத்தன்மை தெரியாது, அவ்வளவுதானே? இந்த அளவுகோல் தவறு என்று காட்டியது வியன்னாவில் 1999இல் நடந்த சோதனை. 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகளை 100 நானோமீட்டர் இடைவெளியுள்ள கீற்றணி வழியே அனுப்பினார்கள். மூலக்கூறின் அகலம் ஏறத்தாழ 1 நானோமீட்டர், அலைநீளமோ 0.0025 நானோமீட்டர், உருவத்தில் நானூற்றில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் குறுக்கீட்டு வரிகள் கிடைத்தன. அலைநீளத்தைக் கீற்றணியின் இடைவெளியால் வகுத்தால் வரும் சிறு கோணத்தை, ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வைத்த உணர்கருவி பிரித்தறிந்ததே காரணம். ஆக, ஒப்பிட வேண்டியது தடையின் அளவு, தூரம், கருவியின் கூர்மை ஆகியவற்றோடு.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. வேகம் குறைந்தால் அலைநீளம் கூடுமே. பந்தை மிக மெதுவாக நகர்த்தினால் என்ன? சமன்பாடு இதற்குத் தடை சொல்வதில்லை. பந்தின் அலைநீளம் ஓர் அணுவின் அளவான 10⁻¹⁰ மீட்டர் ஆக வேண்டுமானால் அது வினாடிக்கு 4 × 10⁻²³ மீட்டர் வேகத்தில் நகர வேண்டும். அந்த வேகத்தில் ஓர் அணுவின் அகலத்தைக் கடக்கவே 76,000 ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே அறை வெப்பம் குறுக்கே வந்துவிடும். சுற்றியுள்ள காற்றோடு சமநிலையில் இருக்கும் பந்து, வெப்ப அசைவால் மட்டுமே வினாடிக்குச் சுமார் 10⁻¹⁰ மீட்டர் வேகத்தில் தள்ளாடும். நமக்குத் தேவையான வேகத்தைவிட இது லட்சக்கணக்கான கோடி மடங்கு அதிகம். பந்தின் அலை மறைவது சமன்பாட்டில் உள்ள விலக்கால் அல்ல. அந்த வேகத்துக்கு அதை அடக்கி வைக்க முடியாததால்தான்.

இந்தக் கணக்கைப் போடுபவர்கள் கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் இரண்டு. 0.005 சதவீதம் என்றால் 0.00005; நூறால் வகுக்க மறந்தால் எலக்ட்ரானின் நிச்சயமின்மை 0.019 மில்லிமீட்டர் என்று நூறு மடங்கு சுருங்கிவிடும். விடை வந்ததும் அதை அலைநீளத்தால் வகுத்து, v/Δv-ஐ 4π-ஆல் வகுத்த எண் வருகிறதா என்று பாருங்கள். சதவீதப் பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறந்த பிழை இரண்டு விடைகளையும் ஒரே அளவில் கெடுப்பதால் இந்தச் சோதனையில் சிக்காது. அலகைத் தனியே பார்க்க வேண்டும். அடுத்தது, கடைசி வரியில் “மிகச் சிறியது” என்று நிறுத்தாமல் எதைவிட என்று எழுதுவது. பந்தின் 10⁻³¹ மீட்டர் ஓர் அணுக்கருவின் 10⁻¹⁵ மீட்டரைவிடவே பதினாறு படிகள் கீழே உள்ளது, அதை உணரும் தடையோ கருவியோ இல்லை என்று எழுதினால் அது முடிவு. எலக்ட்ரானுக்கும் அப்படித்தான்: படக்குழாயா, அணுவா என்று சொன்ன பிறகே அது அலையா துகளா என்ற கேள்விக்குப் பதில் எழுத முடியும்.