‘மிகவும்’ தவிர்த்து எழுதுவோம்

நுழையும்முன்

கட்டுரை எழுதுவோர் ஒன்றைச் சிறப்பித்துக் கூற விரும்பும்போதெல்லாம் ‘மிகவும்’ என்னும் சொல்லை முன்னால் சேர்த்துவிடுவது வழக்கம். அச்சொல் மிகுதி உண்டு என்பதை மட்டுமே தெரிவிக்கும். எதில் மிகுதி என்பதைத் தெரிவிக்காது. அதைத் தெரிவிக்கும் தனிச்சொல்லைக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கட்டுரைப் பத்தி

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் அறுபத்துமூவர் திருவுலா நடைபெறும். அதனைக் கண்ட மாணவி ஒருவர் எழுதியதாகப் பின்வரும் பத்தியைக் கொள்வோம்.

“அறுபத்துமூவர் விழாவன்று மாட வீதிகளில் மிகவும் பெரிய கூட்டம் இருந்தது. கோயிலின் கிழக்குக் கோபுரம் மிகவும் பெரியது. மேற்கே உள்ள தெப்பக்குளமும் மிகவும் பெரியது. வெயில் மிகவும் அதிகமாக இருந்தது. அங்கே வழங்கிய நீர்மோர் மிகவும் நன்றாக இருந்தது. பங்குனி விழா மிகவும் பழமையானது.”

ஆறு தொடர்கள், ஆறு ‘மிகவும்’. முதல் மூன்று தொடர்களில் கூட்டம், கோபுரம், குளம் ஆகிய மூன்றும் ஒரே அடையைப் பெற்றுள்ளன. ஆனால், கூட்டத்தின் பெருமை எண்ணிக்கையில் உள்ளது. கோபுரத்தின் பெருமை உயரத்தில் உள்ளது. குளத்தின் பெருமை பரப்பில் உள்ளது. ‘எதில் மிகுதி?’ என்று வினவினால் விடையாகத் தக்க சொல் கிடைத்துவிடும். எண்ணிக்கை எனில் ‘பெருந்திரள்’. உயரம் எனில் ‘நெடிதுயர்ந்த’. பரப்பு எனில் ‘அகன்ற’.

நான்காம் தொடரில் ‘மிகவும்’, ‘அதிகமாக’ என்னும் இரு சொற்களும் ஒரே பொருளைத் தருகின்றன. ‘கடும் வெயில்’ என்றாலே போதும். ஐந்தாம் தொடரில் ‘நன்றாக’ என்பது சுவையா, குளிர்ச்சியா என்பது விளங்கவில்லை. வெயிலில் நின்றவருக்கு இதமளித்தது குளிர்ச்சியே எனில், ‘குளிர்ந்த நீர்மோர்’ என எழுதலாம். ஆறாம் தொடருக்குத் ‘தொன்மையான’ என்னும் சொல் பொருந்தும். ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் மயிலையின் பங்குனி உத்திர விழாவைக் குறிப்பிடுவதே அதற்குச் சான்று.

திருத்திய பத்தி

“அறுபத்துமூவர் விழாவன்று மாட வீதிகளில் மக்கள் பெருந்திரளாகக் கூடியிருந்தனர். கிழக்கே ஏழு நிலைகளுடன் நெடிதுயர்ந்த கோபுரம்; மேற்கே அகன்ற தெப்பக்குளம். கடும் வெயிலில் நின்றவர்களுக்குக் குளிர்ந்த நீர்மோர் வழங்கினர். பங்குனி விழா தொன்மையானது.”

பத்தி சுருங்கியுள்ளது; செய்தி குறையவில்லை.

மாற்றும்போது நேரும் பிழைகள்

மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்களாகச் சால, உறு, தவ, நனி, கூர், கழி என்னும் ஆறினை நன்னூல் கூறுகிறது. இவற்றைக் கற்ற மாணவர் சிலர், ‘மிகவும் பெரிய கோபுரம்’ என்பதை ‘நனி பெரிய கோபுரம்’ என மாற்றுவர். இதில் மிகுதியைக் குறிக்கும் சொல் மாறியதேயன்றி, எதில் மிகுதி என்பது விளங்கவில்லை. மாற்றவேண்டியது ‘மிகவும்’ என்பதை மட்டுமன்று. அதனை அடுத்து நிற்கும் ‘பெரிய’ என்பதையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

வலிய சொல்லுக்கு முன் மீண்டும் ‘மிகவும்’ சேர்ப்பது மற்றொரு பிழை. ‘மிகவும் நெடிதுயர்ந்த’ என்பதில் மிகுதி இருமுறை வருகிறது. பொருளின் அளவை மீறிய சொல்லும் பொருந்தாது. இரண்டு மாடி வீட்டை ‘வானளாவிய வீடு’ என்றால், அடுத்து வரும் உண்மைச் செய்தியையும் படிப்பவர் ஐயுறுவார்.

‘மிக’ வேண்டிய இடம்

பலவற்றுள் ஒன்றை முதன்மைப்படுத்தும் இடத்தில் ‘மிக’ என்பதை நீக்கலாகாது. ‘தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டா’ என்பது ஒப்பீட்டால் பெற்ற உண்மை. அதை ‘நெடிதுயர்ந்த சிகரம்’ என மாற்றினால், ஏனைய சிகரங்களைவிட உயர்ந்தது என்னும் செய்தி மறைந்துவிடும். இவ்வாறு எழுதும்போது, ‘மிகப் பெரிய’ என்பதுபோல் ‘மிக’ என்பதன்பின் வல்லினம் மிகும்; ‘மிகவும் பெரிய’ என்பதில் மிகாது.

கற்பவை கற்றபின்

1. பின்வரும் தொடர்களில் ‘எதில் மிகுதி?’ என வினவி, தக்க தனிச்சொல்லால் மாற்றி எழுதுக.
அ) தியாகராய நகர் ரங்கநாதன் தெரு மிகவும் சிறியது.
ஆ) அடையாற்றுப் பாலத்தில் காற்று மிகவும் அதிகமாக வீசியது.
இ) அவர் எனக்கு மிகவும் நல்ல நண்பர்.

2. நீங்கள் இறுதியாக எழுதிய கட்டுரையில் ‘மிகவும்’ வரும் இடங்களை அடிக்கோடிடுக. அவற்றுள் ஒப்பீட்டுக்காக வந்தவற்றை விடுத்து, ஏனையவற்றைத் திருத்துக.