பெயர் இல்லாத எண்ணும் ஆளைக் காட்டும்

2017 முதல் தமிழக அரசு பொதுத் தேர்வில் மாநில முதலிடப் பட்டியலை வெளியிடுவதில்லை. நமது செய்தி மடலிலும் பெயர்கள் போடுவதில்லை. அது மட்டும் போதாது.

கும்மிடிப்பூண்டி மாலை வகுப்பில் 22 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினர் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் 14, மாணவியர் 8. கணிதத்தில் தவறிய மாணவர் 6, மாணவி 1. தேறிய ஏழு தோழியருக்கும் அந்த ஒருத்தி யாரென்று உடனே தெரிந்துவிடும், மஹல்லாவுக்கு மறுநாள்.

5-க்குக் குறைவான எண்ணுக்குப் பதில் கோடு போடுகிறோம். ஆனால் மொத்தம் 7, மாணவர் 6 என்று பக்கத்திலேயே இருந்தால், கழித்தால் 1 வந்துவிடும். மாணவியர் தேர்ச்சி 87.5% என்றாலும் அதே கதைதான், எட்டில் ஏழு. ஆகவே மாணவர், மாணவியர் பிரிவையே விட்டுவிட்டு, எழுதியோர் 22, தேறியோர் 15 என்று மட்டும் அச்சிடலாம்.

திருவள்ளூர் வகுப்பில் நால்வர்தான். இரு ஊரையும் சேர்த்து 26 பேர், தேர்ச்சி 18 என்று போட்டால், கும்மிடிப்பூண்டியைத் தனியே போடக்கூடாது. போட்டால், திருவள்ளூரில் நால்வரில் ஒருவர் தவறியது வெளிப்பட்டுவிடும். சென்ற மடலில் தனியே வந்திருந்தாலும் அப்படித்தான். பழைய மடல்களை வீடுகளில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.