வழியில் நின்றுபோகும் மோட்டார் சைக்கிள்: பற்றரி பழுதா, சார்ஜ் ஏறவில்லையா?

ஊருக்குத் திரும்பியதும் பல குடும்பங்கள் முதலில் தேடி எடுத்த பொருட்களில் ஒன்று மோட்டார் சைக்கிள். உறவினர் வீட்டுக் கொட்டிலிலோ மரத்தின் கீழோ ஆண்டுக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் நின்ற சைக்கிள்கள் அவை. புதுப் பற்றரி போட்டு, எண்ணெய் மாற்றி, ரயர் மாற்றி ஓட்டத் தொடங்கியவர்கள் பலர். அவர்களில் சிலர் சில கிழமைகளிலேயே, "போற வழியிலை நிண்டு போச்சுது" என்று எங்கள் களப் பணியாளர்களிடம் சொன்னார்கள். இந்தப் பாடம் அப்படி நின்ற ஒரு சைக்கிளைப் பற்றியது.

சைக்கிளின் சொந்தக்காரர் கிளிநொச்சி மாவட்டத்துக்குத் திரும்பி வந்த இளம் தகப்பன். தாயை மாதம் ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதும், காலையில் மரக்கறி ஏற்றிச் சந்தைக்குப் போவதும் அதே சைக்கிளில்தான். ஒருநாள் கிளினிக்கில் நேரமாகிவிட்டது. பொழுதுபட்ட பிறகு திரும்பி வரும்போது முன் லைற் மெல்ல மங்கியது. ஹோர்ன் அடைத்த குரலில் கேட்டது. என்ஜின் இரண்டு முறை திணறி அடங்கிவிட்டது. இரு பக்கமும் பற்றைக்காடு. அங்கே கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளும் இருந்ததால், சைக்கிளை ஓரமாகத் தள்ளி நிழலில் விடவும் முடியவில்லை. (இப்படியான இடத்தில் நின்றால் தார் வீதியை அல்லது நன்கு பாவித்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். சைக்கிளை வீதியோரத்திலேயே நிறுத்துங்கள்.) பிறகு ஒரு லாண்ட்மாஸ்ரர் வந்து இழுத்துச் சென்றது.

மறுநாள் அவர் புதுப் பற்றரி வாங்கினார். ஒன்பது நாட்கள் ஓடியது. பத்தாம் நாள் பொழுதுபட, மறுபடியும் அதே கதை. கடைக்காரர் பற்றரியை மாற்றித் தர மறுத்தார். அது நியாயம்தான் என்பது பிறகு தெரிந்தது.

இங்கே முதலில் விளங்க வேண்டியது, மின் எங்கிருந்து எங்கே போகிறது என்பது. என்ஜின் ஓடும்போது, பக்க மூடிக்குள் இருக்கும் மெக்னெற் கொயில் மின்னை உண்டாக்குகிறது. அந்த மின் ரெகுலேற்றர் என்ற சிறு பெட்டிக்குப் போய், பற்றரிக்கு ஏற்ற அளவுக்குக் கட்டுப்படுத்தப்பட்டு, பற்றரிக்குள் ஏறுகிறது. லைற், ஹோர்ன், சில சைக்கிள்களில் பிளக்கின் பொறியும்கூட பற்றரியில் இருந்தே எடுக்கின்றன. ஏறுவது எடுப்பதைவிடக் குறைந்தால் பற்றரி மெல்ல வற்றும். பொறிக்குப் பற்றரியை நம்பும் சைக்கிள் அப்போது வழியில் நின்றுவிடும். பொறிக்கு மெக்னெற்றிலிருந்தே நேராக மின் எடுக்கும் பழைய சைக்கிள்கள் பற்றரி செத்தாலும் ஓடும். லைற் நல்ல வெளிச்சமாக இருக்கும்போதே என்ஜின் நின்றால் இந்தப் பாடம் பொருந்தாது. அப்போது பெற்றோல், பிளக், கார்புரேற்றர் பக்கம் பாருங்கள்.

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் போதனாசிரியரிடம் அந்தச் சைக்கிளைக் கொண்டுபோனோம். அவர் கையில் எடுத்தது ஒரு சாதாரண மல்ரிமீற்றர் மட்டும். கறுப்பு வயர் COM என்ற துளையில், சிவப்பு வயர் V என்று எழுதியிருக்கும் துளையில். 10A என்ற துளையில் சிவப்பு வயரைச் செருகிப் பற்றரியில் வைத்தால் பெரும் பொறி பறந்து மீற்றரும் கெடும். அவர் முதலில் சொன்னதே அதைத்தான்: "தம்பி, வயர் எந்தத் துளையிலை நிக்குதெண்டு ஒவ்வொரு முறையும் பாருங்கோ." குமிழை நேர்மின் வோல்ற்றில் 20 என்ற அளவில் வைத்தார். பற்றரி பக்கத்தில் சிகரட்டோ நெருப்போ வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு எரியக் கூடியது.

முதல் சோதனை, பற்றரி சும்மா இருக்கும்போது. அதை முன்னிரவே சார்ஜரில் மெதுவாக ஏற்றிவைத்திருந்தோம். 5 ஆம்பியர்-மணி பற்றரிக்கு அரை ஆம்பியர் அளவில் ஏற்றுவது நல்லது. லொறிப் பற்றரி ஏற்றும் இடத்தில் ஒரு மணித்தியாலத்தில் ஏற்றித் தருவார்கள், ஆனால் சிறு பற்றரிக்கு அது கேடு. ஏற்றி முடிந்த உடனே அளந்தால் மீற்றர் கூடுதலாகக் காட்டும். சில மணித்தியாலம் விட்டு அளக்க வேண்டும். சிவப்பு முனை நேர்முனையில், கறுப்பு எதிர்முனையில். 12.7 காட்டியது. நிறைந்த பற்றரி 12.6 முதல் 12.8 வரை நிற்கும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.0க்குக் கீழே என்றால் வற்றியது. முழுதாக ஏற்றியும் மறுநாள் காலையில் 12.2க்கு இறங்கியிருந்தால் பற்றரி பிடித்து வைக்கவில்லை என்று பொருள். 10.5 அளவில் நின்று மேலே ஏறாவிட்டால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை.

இரண்டாவது, ஸ்ராட்டர் பொத்தானை அழுத்தும்போது. 12.7 காட்டும் பற்றரியும் சுமை வந்ததும் சரிந்துவிடலாம். ஆகவே முனைகளை வைத்தபடி மற்றவர் பொத்தானை அழுத்த வேண்டும். எண் 10.8க்கு இறங்கி, என்ஜின் பிடித்ததும் ஏறியது. 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம். பொத்தான் இல்லாமல் உதைத்து எடுக்கும் சைக்கிள் என்றால், சாவியைப் போட்டு முன் லைற், பிரேக் லைற், ஹோர்ன் எல்லாம் ஒருமிக்கப் போட்டுப் பாருங்கள். எண் சடாரென்று 11க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம்.

பற்றரி தேறிவிட்டது. இனி சார்ஜ். என்ஜின் ஓடியபடி, பற்றரி முனைகளிலேயே மீற்றரை வைத்து, ஆக்சிலேற்றரை நடுத்தர வேகத்துக்குத் திருப்பினார். எண் 12.7ஐத் தாண்டி 13.1க்குப் போனது. முன்னர் கராஜில் பார்த்தவர் இங்கேதான் நிறுத்தி, "சார்ஜ் ஏறுது, பற்றரிதான் கூடாது" என்று சொல்லியிருந்தார். போதனாசிரியர் லைற்றைப் போட்டார். எண் 12.5க்கு இறங்கி, அங்கேயும் நிற்காமல் 12.4, 12.3 என்று சரிந்தது. என்ஜின் நல்ல வேகத்தில் ஓடுகிறது, ஆனாலும் பற்றரி கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

பகலில் ஓடும்போது ஏதோ கொஞ்சம் ஏறுகிறது, லைற் போட்டால் அதற்கு மேலே இறங்குகிறது. இருட்டில் மட்டும் நின்ற காரணம் அதுதான். லைற் போட்டுப் பார்க்காத சோதனை பாதிச் சோதனை. நல்ல சைக்கிளில் லைற் போட்டாலும் வேகத்தில் 13.5 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். மறுபக்கம், 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் கட்டுப்படுத்தவில்லை. பற்றரித் தண்ணீர் கொதித்து வற்றும், போடுகிற புதுப் பற்றரியும் அதே வழியில் போகும். சில சைக்கிள்களில் முன் லைற் பற்றரியில் இருந்து எடுக்காமல் நேரே கொயிலில் இருந்து எடுக்கும். அங்கே லைற்றின் வெளிச்சத்தைப் பார்த்துப் பற்றரியை மதிப்பிட முடியாது, மீற்றரின் எண்ணையே நம்புங்கள்.

என்ஜின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி, "நிக்குதா பார்ப்பம்" என்று சோதிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து விட வேண்டாம். அந்த நேரத்தில் வோல்ற் திடீரென எகிறி ரெகுலேற்றரையும் பொறி கொடுக்கும் பெட்டியையும் எரித்துவிடலாம். அவற்றின் விலை பற்றரியை விடக் கூட.

குறைவாக ஏறுவதற்குக் காரணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: கொயில், ரெகுலேற்றர், இரண்டுக்கும் நடுவே உள்ள வயர் இணைப்பு. பலர் நேரே ரெகுலேற்றரை வாங்கி மாட்டுவார்கள். போதனாசிரியர் என்ஜினை நிறுத்தி, சீற்றைக் கழற்றி, கொயிலில் இருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களின் இணைப்பைப் பிரித்தார். வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் ஒரு மூலை உருகிப் பழுப்பாக இருந்தது. அங்கே இருந்த பித்தளை முனை பச்சை பூத்திருந்தது. மழையில் நின்ற காலத்தில் பாசி பிடித்த முனை மின்னைச் சரியாக விடாமல் சூடேறி, தன்னைச் சுற்றியிருந்த பிளாஸ்ரிக்கையே உருக்கியிருக்கிறது. மூன்று வயரில் ஒன்று வேலை செய்யாமல் இரண்டுதான் ஏற்றிக்கொண்டிருந்தன.

அதோடு நிறுத்தாமல் கொயிலையும் பார்த்தார். இணைப்பு பிரிந்தபடியே, குமிழை மாறுமின் வோல்ற்றில் 200க்கு மாற்றி, என்ஜினை ஓடவிட்டு, கொயில் பக்க வயர்களை இரண்டிரண்டாக அளந்தார்: 52, 51, 52. இந்த எண்கள் சைக்கிளுக்குச் சைக்கிள், வேகத்துக்கு வேகம் மாறும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே கணக்கு. ஒன்று மிகக் குறைந்திருந்தால் கொயில் எரிந்திருக்கும். இந்தச் சோதனையில் முனைகளின் உலோகத்தைக் கையால் தொட வேண்டாம், அதிர்ச்சி தரும் அளவு மின் அதில் உண்டு. உங்கள் சைக்கிளில் மூன்று மஞ்சள் வயர் இல்லாவிட்டால் இதைக் கராஜில் செய்விப்பது நல்லது.

உருகிய இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று வயர்களையும் சுத்தமாக உரித்து, ஈயம் பற்றவைத்து, ஒவ்வொன்றாகக் குழாய் உறை போட்டு மூடினார். பிறகு அதே அளவுகளை மீண்டும் எடுத்தோம். லைற் இல்லாமல் 14.2, லைற்றோடு 13.8. இதன் பிறகும் எண் ஏறாமல் இருந்திருந்தால்தான் ரெகுலேற்றரையும், அதிலிருந்து பற்றரிக்குப் போகும் பியூஸையும், சட்டத்தோடு இணையும் எர்த் வயரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

செலவு ஈயத்துக்கும் உறைக்கும் மட்டும். வீணாக வாங்கியது ஒரு பற்றரி. பழைய பற்றரியையும் அவர் வீசாமல் வைத்திருந்தார். அதை ஏற்றி அளந்தபோது மறுநாளும் 12.6 நின்றது. இப்போது அது வீட்டில் இரவில் ஒரு சிறு பல்ப்பை எரிக்கிறது.

மீற்றர் கையில் இல்லாத நேரம் வழியில் லைற் மங்கத் தொடங்கினால், சிக்னலையும் ஹோர்னையும் தவிருங்கள். என்ஜினை நிறுத்தாமல் ஆள் இருக்கும் இடம்வரை ஓட்டுங்கள். வெளிச்சம் இருந்தால் முன் லைற்றையும் அணையுங்கள், இருட்டிவிட்டால் அணைக்காமல் முதல் வீட்டிலேயே நில்லுங்கள். நிறுத்திவிட்டால், வற்றிய பற்றரியோடு தள்ளியும் எடுபடாமல் போகலாம்.