மினிமம் கட்டியாச்சு... அப்புறம் ஏன் வட்டி?

திருப்பூர் நல்லூரில் சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனி வாரச் சம்பளம் கைக்கு வரும். அன்றைக்கே மொபைலில் "மினிமம் டியூ ₹1,500" என்று மெசேஜ் வந்தால், "ஆயிரத்தைந்நூறுதானே, கட்டிடலாம்" என்று தோன்றும். கட்டியும் விடுவோம். ஆனால் அடுத்த மாத பில்லில் பாக்கி குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். வங்கி தப்புக் கணக்கு போட்டுவிட்டதா? பெரும்பாலும் இல்லை. கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

நல்லூரில் ஒரு டெய்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கார்டுக்கு மாதாமாதம் 5-ம் தேதி பில் தயாராகும். பணம் கட்டக் கடைசி நாள் 25. வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம். ஜூன் 10-ம் தேதி பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்றை ₹30,000-க்குக் கார்டில் வாங்குகிறார். ஜூலை 5-ல் பில் வருகிறது: மொத்த பாக்கி ₹30,000, மினிமம் டியூ அதில் 5 சதவீதம், ₹1,500.

வட்டியில்லாத நாட்கள் யாருக்கு?

ஜூன் 10-ல் வாங்கிய பொருளுக்கு ஜூலை 25-ல் முழுப் பணமும் கட்டினால் 45 நாள் வட்டியே இல்லை. அதே மெஷினை ஜூலை 4-ல் வாங்கியிருந்தால் 21 நாள்தான் கிடைத்திருக்கும். விளம்பரத்தில் வரும் "50 நாள் வரை" என்பதில் அந்த "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். பில் தேதிக்கு மறுநாள் வாங்குபவருக்குத்தான் அதிக நாள்.

முக்கியமான விஷயம், இந்தச் சலுகை முழுத் தொகையையும் கட்டுபவருக்கு மட்டுமே. கொஞ்சம் பாக்கி வைத்தாலும், பெரும்பாலான கார்டுகளில் வட்டி 25-ம் தேதியிலிருந்து தொடங்காது. பொருள் வாங்கிய நாளுக்கே பின்னோக்கிப் போய்விடும். ஏ.டி.எம்-மில் கார்டைப் போட்டு ரொக்கம் எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டிதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நம்ம டெய்லர் ஜூலை 15-ல் ₹4,000-க்கு மளிகையும் அதே கார்டில் வாங்குகிறார். ஜூலை 25-ல் மினிமம் ₹1,500 மட்டும் கட்டுகிறார். ஆகஸ்ட் 5 பில்லில் வட்டி எவ்வளவு வரும்? சூத்திரம் இதுதான்:

பாக்கி × ஆண்டு வட்டி சதவீதம் ÷ 100 × நாட்கள் ÷ 365

மொபைல் கால்குலேட்டர் போதும்.

- ₹30,000-க்கு ஜூன் 10 முதல் ஜூலை 24 வரை 45 நாள்: ₹1,553
- மீதி ₹28,500-க்கு ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை 12 நாள்: ₹394
- மளிகை ₹4,000-க்கு ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 5 வரை 22 நாள்: ₹101

வட்டி மட்டும் ₹2,048. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ₹369. மொத்தம் ₹2,417. கட்டியது ₹1,500, ஏறியது ₹2,417. மளிகையையும் சேர்த்தால் புது பாக்கி ₹34,917.

மளிகைக்கும் வட்டி வந்ததைப் பார்த்தீர்களா? பழைய பாக்கி இருக்கும்போது புதுச் செலவுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. நிறைய பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அடுத்த மினிமமும் ₹1,500 ஆக இருக்காது. வட்டி, வரி ₹2,417 முழுசாகவும், அசலில் 5 சதவீதம் ₹1,625-ம் சேர்ந்து சுமார் ₹4,042 கேட்கும். மினிமம் மட்டும் கட்டி வந்தாலும் கடன் ஏறிக்கொண்டே போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. அதனால்தான் வட்டியை முழுசாக மினிமத்தில் சேர்க்கிறார்கள்.

அப்படியென்றால் மினிமம் எதற்கு? தாமதக் கட்டணம் விழாமலும், கிரெடிட் ரிப்போர்ட்டில் "தவணை தவறியவர்" என்று பதிவாகாமலும் அது காப்பாற்றும். வட்டியிலிருந்து காப்பாற்றாது.

வாரச் சம்பளக்காரருக்கு ஒரு வழி

வட்டி தினசரி பாக்கிக்குத்தான் ஓடுகிறது. 42 சதவீதத்தில் ₹1,000 ஒரு நாள் நின்றால் வரியோடு சுமார் ₹1.36. எனவே ஏற்கெனவே வட்டி ஓடும் கார்டுக்கு, மாதக் கடைசியில் ₹6,000 கட்டுவதைவிட ஒவ்வொரு சனிக்கிழமையும் ₹1,500 கட்டுவது நல்லது. நான்கு வாரத்தில் சுமார் ₹85 மிச்சம்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பில் தேதிக்கு முன்னால் கட்டிய பணம், அடுத்து வரும் பில்லின் மினிமத்துக்குக் கணக்காகாது. பில் வந்த பிறகு, கடைசி நாளுக்குள் மினிமம் அளவாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பணம் வரவாக நேரம் ஆகலாம் என்பதால் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கட்டிவிடுங்கள்.

பாக்கி தீரும் வரை அந்தக் கார்டில் புதுசாக எதுவும் வாங்காதீர்கள். முழுசாகக் கட்டிய அடுத்த பில்லிலும் கொஞ்சம் வட்டி வரலாம். அது பில் தேதியிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்குமான வட்டி. அதையும் கட்டி முடித்த பிறகு மறுபடி கார்டைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் பில்லைச் சரிபார்க்க

1. வங்கி ஆப்பில் பில்லைத் திறந்து Statement Date, Payment Due Date, Total Amount Due, Minimum Amount Due, Finance Charges ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. உங்கள் கார்டின் வட்டி, அது எந்த நாளிலிருந்து ஓடும் என்பது MITC என்ற ஆவணத்தில் இருக்கும். மேலே சொன்ன 42, 5 சதவீதங்கள் உதாரணம்தான். உங்கள் கார்டின் எண்ணைப் போட்டுக் கணக்கிடுங்கள்.
3. ஒரு நாள் இரு நாள் எண்ணுவதில் சில ரூபாய் வித்தியாசம் வரலாம். நூற்றுக்கணக்கில் வந்தால் வங்கியிடம் கணக்கு விவரம் கேளுங்கள்.
4. கட்டாத தாமதக் கட்டணத்துக்கும் வரிக்கும் மேல் வட்டி போடக் கூடாது. கடைசி நாள் தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். இவையும் 2022 விதிகளே.

"30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கவே கூடாதாமே?" என்று சிலர் கேட்பார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் அப்படித் தீர்ப்பளித்தது உண்மை. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ல் ரத்து செய்துவிட்டது. எனவே வட்டி அதிகம் என்பதை மட்டும் வைத்துப் புகார் நிற்காது. கணக்கு தப்பு, விதி மீறல் என்றால் நிற்கும்.

முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 எண்ணை அழைக்கலாம். போகும்போது பில்லின் பி.டி.எஃப்.பும், நீங்கள் போட்ட கணக்கும் கையில் இருக்கட்டும்.